வாடகையா, சொந்த வீடா: என் பழைய எக்செலுக்கு ஒரு மறுப்பு

போன மாதம் அலுவலகத் தம்பி ஒருவர் வாட்ஸ்அப்பில் ஓர் எக்செல் கோப்பு அனுப்பினார். "அண்ணே, இதைப் பாருங்க. வீடு வாங்குறவன் முட்டாள்னு வருது. நிஜமா?" திறந்து பார்த்தேன். மஞ்சள் கட்டங்கள், நீலத் தலைப்புகள், ஒரு கட்டத்தின் பெயரில் எழுத்துப்பிழை. அந்தப் பிழை எனக்கு நன்றாகத் தெரிந்த பிழை. எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் தயாரித்து நாலு நண்பர்களுக்கு அனுப்பிய கோப்பு அது. யார் யார் கையிலோ சுற்றி, என் பெயர் உதிர்ந்து, என்னிடமே திரும்பி வந்திருக்கிறது.

வேறொருவர் செய்ததாக இருந்தால் "சும்மா, நம்பாதே" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் தம்பியும் அவர் மனைவியும் அதை வைத்து ஒரு முடிவெடுக்க இருந்தார்கள். மேடவாக்கத்தில் அவர்கள் வாடகைக்கு இருக்கும் ஃபிளாட்டையே ஓனர் விற்கப் போகிறார். விலை ஒரு கோடி. இவர்கள் வாங்கவில்லை என்றால் வேறு ஆளுக்கு விற்பார், இவர்கள் காலி செய்ய வேண்டும். மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருந்தார். எட்டு வருஷத்தில் மூன்று வீடு மாறியவர்கள், இரண்டாவது மகளை இப்போதுதான் பக்கத்துப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே என் கோப்பை நானே பிரித்து, எது சரி, எது தப்பு என்று எழுத வேண்டியதாயிற்று.

கோப்பு என்ன சொல்கிறது?

தம்பியின் எண்களையே அதில் போட்டேன். வீட்டு விலை 100 லட்சம். பழைய ஃபிளாட் என்பதால் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9 லட்சம். வங்கி 80 லட்சம் கடன் தரும், 20 வருஷம், 8.5 சதவீத வட்டி. இஎம்ஐ 69,426 ரூபாய். கைக்காசு 29 லட்சம் வேண்டும். இப்போது கொடுக்கும் வாடகை 25,000.

கோப்பின் வாதம் எல்லோரும் கேட்டதுதான். வீடு வாங்காதே. அந்த 29 லட்சத்தை மியூச்சுவல் ஃபண்டில் போடு. இஎம்ஐக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசம் 44,426 ரூபாயை மாதாமாதம் எஸ்ஐபியில் போடு. மாதம் ஒரு சதவீதம், அதாவது வருஷத்துக்குச் சுமார் 12 சதவீதம் வளர்ந்தால் 20 வருஷத்தில் கையில் 7.55 கோடி. வீடோ வருஷம் 5 சதவீதம் ஏறினால் 2.65 கோடிதான். வித்தியாசம் 4.9 கோடி! அடியில் சிவப்பு எழுத்தில் "வாடகையே வெற்றி" என்று வேறு போட்டிருக்கிறேன்.

இரண்டு பிழைகள் இருக்கின்றன. ஒன்று சின்னது, ஒன்று பெரியது.

சின்னப் பிழை: உறைந்துபோன வாடகை

வீட்டு விலை வருஷம் 5 சதவீதம் ஏறும் அந்தக் கோப்பில், வாடகை மட்டும் 20 வருஷமும் 25,000 ஆகவே நிற்கிறது. எந்த ஊரில் அப்படி ஓனர் இருக்கிறார்? வாடகையும் 5 சதவீதம் ஏறினால் இருபதாவது வருஷம் அது 63,000-ஐத் தாண்டும். இஎம்ஐ அப்படியே நிற்பதால், "வித்தியாசம்" 44,000-லிருந்து 6,000 சொச்சத்துக்குச் சுருங்கிவிடும். இந்த ஒரு கட்டத்தைத் திருத்தியதும் 7.55 கோடி 6.63 கோடி ஆனது. கிட்டத்தட்ட 93 லட்சம் ஒரே ஒரு மறதியில் பிறந்த பணம்.

இதுபோன்ற கோப்பு உங்களுக்கும் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். வாடகை வரிசையில் கடைசிக் கட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். முதல் கட்டத்தில் இருக்கும் எண்ணே அங்கும் இருந்தால், மீதியைப் படிக்க வேண்டியதில்லை.

ஆனாலும் 6.63 கோடி 2.65 கோடியைவிடப் பெரியதுதானே? அதனால்தான் இதைச் சின்னப் பிழை என்கிறேன்.

பெரிய பிழை: 12 சதவீதம்

இங்கேதான் இன்றைய மதிப்பு என்ற கருத்து தேவைப்படுகிறது. விஷயம் எளிது. 5 சதவீதம் கிடைக்கும் இடத்தில் இன்று ஒரு லட்சம் போட்டால் அடுத்த வருஷம் 1.05 லட்சம். ஆகவே அடுத்த வருஷம் வரப்போகும் 1.05 லட்சத்தின் இன்றைய மதிப்பு ஒரு லட்சம். இப்படி வருங்காலப் பணத்தை இன்றைக்குச் சுருக்கிக் கொண்டுவரப் பயன்படும் விகிதத்தைத் தள்ளுபடி விகிதம் என்பார்கள். எந்த விகிதத்தை எடுக்கிறோம் என்பதில்தான் முழு விடையும் ஒளிந்திருக்கிறது.

என் கோப்பு வெளிப்படையாகத் தள்ளுபடி எதுவும் செய்யவில்லை. ஆனால் எல்லாப் பணத்தையும் 12 சதவீதத்தில் 20 வருஷம் வளர்த்து ஒப்பிடுவதும், எல்லாவற்றையும் 12 சதவீதத்தில் இன்றைக்குச் சுருக்கி ஒப்பிடுவதும் ஒரே காரியம்தான். அது என்ன செய்கிறது என்று பார்க்க வீட்டை மறந்துவிட்டு ஒரு எஃப்டியை அதில் போட்டுப் பாருங்கள். ஒரு கோடி ரூபாய், வரி போக 5 சதவீதம், 20 வருஷத்தில் 2.65 கோடி. அதை 12 சதவீதத்தில் சுருக்கினால் இன்றைய மதிப்பு 27.5 லட்சம். அதாவது வங்கியில் ஒரு கோடி போட்ட மறுநிமிஷமே உங்களுக்கு 72 லட்சம் நஷ்டம் என்கிறது கணக்கு! அப்படி யாரும் நினைப்பதில்லை. எஃப்டி குறைவாகத் தருவது அதில் நடுக்கம் இல்லை என்பதால். பங்குச் சந்தை அதிகம் தரலாம் என்பது, பாதியாக விழுகிற வருஷங்களையும் தாங்குவதற்கான கூலி. அந்தக் கூலியை எதுவும் தாங்காமலே வாங்கிவிடலாம் என்று என் கோப்பு நினைத்துக்கொண்டது.

அப்படியென்றால் என் கோப்பு உண்மையில் வீட்டையும் வாடகையையும் ஒப்பிடவே இல்லை. பங்குச் சந்தையைப் பங்கு அல்லாத ஒன்றோடு ஒப்பிட்டிருக்கிறது. வீட்டின் இடத்தில் எஃப்டி, பிபிஎஃப் எதை வைத்தாலும் "வாடகையே வெற்றி" என்ற அதே சிவப்பு எழுத்துதான் வரும். எதைக் கேட்டாலும் ஒரே பதில் சொல்லும் நிரலை நாங்கள் பிழை என்றுதான் பதிவு செய்வோம்.

கையாலேயே போடக்கூடிய கணக்கு

சரி, எந்த விகிதம் நியாயம்? தம்பியின் பணம் இப்போது எஃப்டியில் இருக்கிறது. 7 சதவீத வட்டி, 30 சதவீத வரி, கையில் மிஞ்சுவது ஏறக்குறைய 5. முதலில் 5 சதவீதத்தை எடுத்துக்கொள்வோம். கடனையும் முதலில் மறந்துவிடுவோம், ரொக்கம் கொடுத்து வாங்குவதாக வைப்போம்.

வாங்கினால் கிடைப்பது இரண்டு: இனி கொடுக்க வேண்டாத வாடகை, கடைசியில் விற்றால் வரும் விலை.

வாடகை வருஷத்துக்கு 3 லட்சம். மாதாந்திரப் பராமரிப்புத் தொகையை இந்தக் குடியிருப்பில் இப்போதும் குடியிருப்பவரே கட்டுகிறார், ஆகவே அது இரண்டு பக்கமும் சமம். ஆனால் சொத்துவரி, வெளிப்பூச்சு, லிஃப்ட் மாற்றம், மொட்டைமாடி ஒழுகல் எல்லாம் ஓனர் தலையில். அதற்கு வருஷம் 50,000 வைத்தேன். மிச்சம் 2.5 லட்சம். இது வருஷம் 5 சதவீதம் ஏறுகிறது, நாம் 5 சதவீதத்தில் சுருக்குகிறோம். இரண்டும் அடித்துக்கொண்டு போய்விடும். ஒவ்வொரு வருஷத்துக்கும் இன்றைய மதிப்பு 2.38 லட்சம், இருபது வருஷத்துக்கு 47.6 லட்சம்.

வீட்டு விலையும் 5 சதவீதம் ஏறி, 5 சதவீதத்தில் சுருங்குகிறது. ஆகவே இன்றைய மதிப்பு அதே 100 லட்சம். விற்கும்போது 2 சதவீதம் தரகு, அது 2 லட்சம். லாபத்துக்கு 12.5 சதவீத வரி, இன்றைய மதிப்பில் 7.4 லட்சம். கையில் 90.6.

இரண்டையும் கூட்டினால் 138 லட்சம். கொடுப்பது 109 லட்சம். ரொக்கத்தில் வாங்கினால் 29 லட்சம் லாபம், இன்றைய பணத்தில். சிவப்பு எழுத்து தலைகீழாகிவிட்டது.

அதே கணக்கை வேறு விகிதங்களில் ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நிரல் இதோ. எண்கள் எல்லாம் லட்சத்தில்.

```python
def npv(r, rent=2.5, g=0.05, pg=0.05, n=20):
    cost = 109
    saved = sum(rent*(1+g)**(t-1)/(1+r)**t
                for t in range(1, n+1))
    sale = 100*(1+pg)**n
    tax = 0.125*max(sale-cost, 0)
    return saved + (0.98*sale-tax)/(1+r)**n - cost
```

`npv(0.05)` என்றால் 29 லட்சம் லாபம். `npv(0.085)` என்றால் 28 லட்சம் நஷ்டம். `npv(0.12)` என்றால் 58 லட்சம் நஷ்டம். `npv(0.065)` போட்டால் ஏறக்குறைய பூஜ்யம். வாடகையை வருஷக் கடைசியில் மொத்தமாகக் கொடுப்பதாக நிரல் நினைக்கிறது, வரி மீதான செஸ்ஸையும் விட்டிருக்கிறேன். இரண்டும் எதிரெதிர்த் திசையில் சின்னப் பிழைகள், முடிவை மாற்றாது.

அந்த 6.5-தான் இந்த வீட்டின் உண்மையான விலாசம். குடியிருக்க வாங்கும் இந்த ஃபிளாட், செலவும் வரியும் போக வருஷம் 6.5 சதவீதம் தரும் ஒரு முதலீடு. அது எங்கிருந்து வருகிறது என்றால், நிகர வாடகை 2.5, விலையேற்றம் 5, இரண்டையும் கூட்டி, பதிவுச் செலவுக்கும் வரிக்கும் ஏறக்குறைய ஒரு சதவீதம் கழிக்க வேண்டும். இருபது வருஷம் போன்ற நீண்ட காலத்துக்கு இந்தக் குறுக்குவழி ஓரளவு ஒத்துவரும். அதே வீட்டுக்கு வாடகை 25,000-க்குப் பதில் 33,000 சொச்சம் என்றால், நிகர வாடகை 3.5 சதவீதமாகும், வருமானமும் 7.5 ஆகிறது. நிரலில் போட்டும் சரிபார்த்தேன்.

கடனுக்குத் தனித் தீர்ப்பு

பெரும்பாலான ஒப்பீடுகள் வீட்டையும் கடனையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகின்றன. இஎம்ஐ ஒரு பக்கம், வாடகை ஒரு பக்கம் என்று தராசில் வைக்கிறார்கள். மொத்த இஎம்ஐயில் பாதிக்குச் சற்றுக் குறைவானது வீட்டின் விலை, அதாவது அசல். மீதி வட்டி. வாடகையோ குடியிருப்பதற்கான கூலி. மூன்றும் வேறு வேறு சரக்கு.

கடனைத் தனியாகப் பாருங்கள். வங்கி இன்று 80 லட்சம் தருகிறது. பதிலுக்கு நீங்கள் 240 மாதம் 69,426 கட்டுகிறீர்கள். உங்கள் பணம் 5 சதவீதம் ஈட்டும் என்றால், அந்த 240 தவணைகளின் இன்றைய மதிப்பு 106 லட்சம். 80 வாங்கி 106 கொடுக்கிறீர்கள். கடனால் மட்டும் 26 லட்சம் நஷ்டம். ஒவ்வொரு லட்சம் கடனுக்கும் 33 ஆயிரம்.

வீட்டால் 29 லட்சம் லாபம், கடனால் 26 லட்சம் நஷ்டம். மிச்சம் 3 லட்சம். ஒரு கோடி ரூபாய் விஷயத்தில் மூன்று லட்சம் என்பது சமம் என்றுதான் அர்த்தம். கோப்பு சொன்ன 4.9 கோடி எங்கே, இது எங்கே!

இங்கே வருமான வரிச் சலுகையைக் கேட்பீர்கள். தம்பி புதிய வரிமுறையில் இருக்கிறார். அதில் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கும் கழிவு இல்லை, வாடகைக்கான எச்ஆர்ஏ விலக்கும் இல்லை. இரண்டு பக்கமும் பூஜ்யம். பழைய முறையில் இருப்பவர்கள் இரண்டையும் தனித்தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வட்டியை மட்டும் சேர்த்துவிட்டு எச்ஆர்ஏயை மறப்பது வங்கிக்காரர்கள் காட்டும் கணக்கு.

கடனைப் பிரித்ததும் தம்பி செய்யவிருந்த ஒரு தப்பும் தெரிந்தது. அவரிடம் எஃப்டியில் 50 லட்சம் இருக்கிறது. 29 மட்டும் எடுத்து, 21 லட்சத்தை "பாதுகாப்புக்கு" விட்டுவைப்பது திட்டம். 5 சதவீதம் ஈட்டும் பணத்தை வைத்துக்கொண்டு 8.5 சதவீதத்துக்குக் கடன் வாங்குவது அது. ஆறு லட்சத்தை அவசரத்துக்கு வைத்துவிட்டு, கடனை 65 லட்சமாகக் குறைத்தால் கடன் நஷ்டம் 26-லிருந்து 21 லட்சமாகிறது. அப்புறம் போனஸ் வரும்போதெல்லாம் அசலில் கட்டலாம். மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது.

5 சதவீதம் மட்டும் வேதவாக்கா?

இந்த இடத்தில் தம்பி மடக்கினார். "அண்ணே, 12 தப்புன்னு சொல்றீங்க, சரி. வீட்டு விலை ஏறுமா ஏறாதான்னு தெரியாதே. அதை எஃப்டி மாதிரி 5-ல சுருக்கறது மட்டும் சரியா?"

நல்ல கேள்வி. வாடகைப் பகுதிக்கு 5 சதவீதம் சரி என்றே நினைக்கிறேன். எங்கே போனாலும் தலைக்கு மேல் கூரை வேண்டும், வாடகை எவ்வளவு ஏறினாலும் கொடுத்தாக வேண்டும். வாங்கியவருக்கு அந்தப் பயம் இல்லை. அது நடுக்கத்தைக் கூட்டவில்லை, குறைக்கிறது. ஆனால் விற்கும் விலை அப்படி அல்ல. ஒரே தெரு, ஒரே கட்டடம், அவசரத்துக்கு ஒரு அறையை மட்டும் விற்க முடியாது. அதற்கு எஃப்டியைவிடக் கொஞ்சம் கூடக் கேட்பது நியாயம். வீடு தரும் 6.5-க்கும் எஃப்டியின் 5-க்கும் நடுவே உள்ள ஒன்றரை சதவீதம்தான் அந்தக் கூலி. போதாது என்று ஒருவர் சொன்னால் அவரோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். 12 என்று சொன்னால் போவேன்.

என்னைக் கேட்டால், தள்ளுபடி விகிதத்தைக் கூட்டி பயத்தைக் காட்டுவதைவிட, விலையேற்றத்தைக் குறைத்துப் பார்ப்பது தெளிவு. கட்டடம் பழசாகும், நிலம்தான் ஏறும். ஃபிளாட் வாங்குபவருக்கு நிலத்தில் கிடைப்பது பிரிக்கப்படாத பங்கு மட்டுமே. பத்துத் தளக் கட்டடத்தில் அது கொஞ்சம்தான். ஆகவே பேட்டையில் புது ஃபிளாட் விலை எவ்வளவு ஏறியது என்று பார்ப்பது ஏமாற்றும். அதே கட்டடத்தின் பழைய ஃபிளாட் எவ்வளவு ஏறியது என்பதுதான் நமக்கு வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று பார்த்தால், பத்திரத்தில் காட்டிய கைமாற்றுத் தொகை வரும். பத்திரத்தில் குறைத்துக் காட்டியிருப்பார்கள் என்பதால் அதை மட்டும் நம்பாமல், குடியிருப்பில் வாங்கியவர்களையும் கேட்டோம். இதே அளவு ஃபிளாட் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் 62 லட்சத்துக்குக் கைமாறியிருக்கிறது. இன்று ஒரு கோடி. வருஷத்துக்கு 4 சதவீதம் சொச்சம். ஐந்து அல்ல.

`npv(0.05, pg=0.04)` போட்டோம். 29 லட்சமாக இருந்த லாபம் 14 லட்சமாகியது. ஒரே ஒரு சதவீதம், பதினைந்து லட்சம்! 3 சதவீதம் என்றால் லாபம் வெறும் 2 லட்சம். இந்தக் கணக்கில் எங்காவது உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்றால் இந்தக் கட்டத்தில்தான் உட்கார வேண்டும்.

காலமும் முக்கியம். 5 சதவீத ஏற்றம், ரொக்கம் என்ற நல்ல நிலையில்கூட, மூன்று வருஷத்தில் விற்றால் நாலரை லட்சம் நஷ்டம். பதிவுக்குப் போன 9 லட்சம் திரும்ப ஆறு வருஷம் பிடிக்கிறது. வேலை நிமித்தம் ஊர் மாறக்கூடியவர்கள் மற்ற வரிகளைப் படிக்காமலே வாடகையில் இருந்துவிடலாம்.

கடைசிக் கூட்டல்

இப்போது தம்பியின் கணக்கு: விலையேற்றம் 4 சதவீதம், வீட்டால் 14 லட்சம் லாபம். கடன் 65 லட்சம், அதனால் 21 லட்சம் நஷ்டம். ஆக, வாங்கினால் இன்றைய மதிப்பில் 7 லட்சம் நஷ்டம்.

இதோடு நிறுத்தினால் "வாடகையே வெற்றி" என்று மறுபடி சிவப்பில் எழுதலாம். ஆனால் 7 லட்சம் என்பது பேசித் தீர்க்கக்கூடிய தொகை. அதை இருபது வருஷத்துக்கு 5 சதவீதத்தில் பரப்பினால் வருஷம் 55,000 ரூபாய், மாதம் 4,600.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து இதைச் சொன்னேன். தம்பியின் மனைவி அதுவரை காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்தார். "அண்ணா, அப்போ மாசம் நாலாயிரத்து அறுநூறு கொடுத்தா யாரும் எங்களைக் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க. அதானே?"

அதேதான். அதைவிடச் சரியாக நான் சொல்லியிருக்க முடியாது. மூன்று முறை பெட்டி கட்டியவருக்கு அது மலிவா, விலை அதிகமா என்பது என் நிரலில் இல்லாத விஷயம். என் பழைய கோப்பில் அந்தக் கேள்விக்கு இடமே இருந்திருக்காது. 4.9 கோடியின் முன்னால் யார் பெட்டி கட்டுவதைப் பற்றிப் பேசுவார்கள்? தப்பான எண் செய்த கெடுதல் அதுதான். உண்மையில் எடை போட வேண்டியதைத் தராசுக்குப் பக்கத்திலேயே வரவிடவில்லை.

இன்னொன்றும் சொன்னேன். 7 லட்சம் நஷ்டம் என்றால் விலை ஆறேழு லட்சம் அதிகம் என்றும் பொருள். விலை ஒரு லட்சம் குறைந்தால் பதிவுச் செலவும் சேர்ந்து குறையும். ஓனருக்கும் தரகர் செலவில்லை, வீட்டைத் திறந்து காட்டும் வேலையில்லை, குடியிருப்பவரே வாங்குகிறார். 93 லட்சம் கேட்டுப் பாருங்கள், 96-க்கு மேல் போகாதீர்கள் என்றேன். 96 என்றால் மீதி நஷ்டம் மாதத்துக்கு இரண்டாயிரத்துக்கும் கீழே வந்துவிடும். அவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஓனர் மகனிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

பங்குச் சந்தையை என்ன செய்வது என்று தம்பி புறப்படும்போது கேட்டார். அது வேறு கேள்வி. உங்கள் சொத்தில் எத்தனை பங்கு அதில் இருக்க வேண்டும் என்பதை வீடு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் தனியாக முடிவுசெய்ய வேண்டும். மாதம் 44,426 எஸ்ஐபியில் போடப்போகும் அந்த வாடகைக்காரர் நீங்கள்தானா என்று மட்டும் பாருங்கள் என்றேன். எட்டு வருஷமாக வாடகையில் இருக்கும் அவர் கையில் எஃப்டி இருக்கிறது, எஸ்ஐபி இல்லை. சிரித்துக்கொண்டார்.

என் பழைய கோப்பை யாராவது இன்னும் வைத்திருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். மேலே இருக்கும் ஏழு வரி போதும். மூன்று எண்களை உங்கள் வீட்டுக்கு மாற்றுங்கள்: நிகர வாடகை, அதே கட்டடத்தின் விலையேற்றம், உங்கள் பணம் உண்மையில் இப்போது ஈட்டும் விகிதம். வீட்டுக்கு ஒரு விடை, கடனுக்கு ஒரு விடை என்று தனித்தனியாக எழுதிக்கொண்டு கூட்டுங்கள். வருகிற எண் உங்களைப் பயமுறுத்தும் அளவுக்குப் பெரியதாக இருந்தால், வாடகை வரிசையின் கடைசிக் கட்டத்தை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.